பேட்டியில் கேட்ட கேள்வியே தீம் ஆகிவிடாது

கேள்வி: எம்பிஏ ப்ராஜெக்டுக்காக வேளச்சேரி, பெரம்பூர், மயிலாப்பூர் பக்கம் 12 பேரிடம் பாக்கெட் இட்லி மாவு பற்றிப் பேட்டி எடுத்தேன். அவர்கள் சொன்னதற்கு வரிவரியாகக் குறிப்புப் பெயர் போடும் கோடிங் வேலையை முடித்து விலை, தரம், வசதி, பிராண்ட் என்று 4 தீம் எழுதினேன். ‘இதெல்லாம் தீமே இல்லை’ என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு? ஒரு பேட்டியிலிருந்து கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கைடு சொல்வது சரிதான். பேட்டிக்குக் கொண்டுபோன கேள்வித்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை பற்றி ஒரு கேள்வி, பிராண்ட் பற்றி ஒரு கேள்வி என்று நீங்கள் கேட்ட தலைப்புகள்தான் தீம் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கின்றன. பேட்டிகளிலிருந்து தீம் கண்டுபிடிக்கிற இந்த முறையைப் பிரவுன், கிளார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் விளக்கி எழுதினார்கள், பிறகு வந்த கட்டுரைகளில் இந்தக் குழப்பத்தைத் தனியாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்: ஒரு தலைப்பின் கீழ் எல்லோரும் சொன்னதைத் தொகுத்தால் அது தலைப்புச் சுருக்கம், பலர் பேச்சிலும் ஓடுகிற ஒரே அர்த்தத்தைப் பிடித்தால்தான் தீம். ‘விலை’ என்பதன் கீழ் ஒருவர் மலிவு என்கிறார், இன்னொருவர் கட்டுப்படியாகாது என்கிறார், இருவரையும் சேர்த்துப் பிடிக்கும் கருத்து எதுவும் அதில் இல்லை.

ஆனால் தப்பு தொடங்கியது தீமில் இல்லை, கோடிங்கில். நீங்கள் அனுப்பிய பகுதியையே பார்ப்போம்:

“டேட் பாத்துத்தான் வாங்குவேன். வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் தூக்குல மாத்திருவேன், கொஞ்சம் உப்பு போட்டு கையால கலக்கி வெச்சாத்தான் நம்ம மாவு மாதிரி இருக்கும். மாமியார் வந்தா மட்டும் கிரைண்டர்ல போட்டுருவேன்.”

இதற்கு நீங்கள் ‘தரம்’, ‘சுவை’, ‘குடும்பம்’ என்று 3 கோட் போட்டிருக்கிறீர்கள். டிரான்ஸ்கிரிப்டை மூடிவிட்டு அந்தக் கோட்களை மட்டும் படித்தால் அந்தப் பெண் என்ன செய்கிறார் என்று யாருக்காவது தெரியுமா? கோட் என்பது, மூல வரியைப் பார்க்காமலே விஷயம் புரிகிற அளவுக்கு இருக்க வேண்டும். நான் போட்டால் இப்படிப் போடுவேன்: ‘தேதி பார்த்து வாங்குகிறார்’, ‘பாக்கெட்டிலிருந்து வீட்டுப் பாத்திரத்துக்கு மாற்றுகிறார்’, ‘உப்பும் தன் கையும் சேர்த்தால் தன் மாவாகிறது’, ‘மாமியார் முன் கடை மாவு கிடையாது’. எக்செல்லில் ஒரு வரிக்கு ஒரு மேற்கோள், பக்கத்தில் கோட், அதற்குப் பக்கத்தில் பேட்டி எண், இது போதும், தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. 2 பேட்டியை இப்படி மறுபடி கோட் செய்தாலே வித்தியாசம் தெரியும், அப்புறம் மீதி 10.

இப்போது கடைசி 3 கோட்களையும் சேர்த்துப் பாருங்கள், ‘வாங்கிய மாவைத் தன் கைப்பட்ட மாவாக்கிக்கொள்கிறார்கள்’ என்று ஒன்று எழுந்து வருகிறது. இது முழு வாக்கியம், ஒருவர் மறுத்துப் பேசவும் இடம் இருக்கிறது, ‘தரம்’ என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு பேட்டியில் பிறந்ததால் இது இன்னும் ஊகம்தான். 12 டிரான்ஸ்கிரிப்டையும் இதை மனதில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து படியுங்கள், முக்கியமாக ஒத்துவராதவர்களைத் தேடுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராகத் தட்டில் ஊற்றுகிற, அதில் எந்தக் கூச்சமும் இல்லாத ஒருவர் கிடைத்தால் அவரை ஒதுக்காதீர்கள். அவர் தனியாக இருப்பவரா, வீட்டில் பெரியவர்கள் இல்லையா என்று பாருங்கள். அப்படியென்றால் தீமே கூர்மையாகிவிடும்: சமையலை யாராவது கவனிக்கும் வீட்டில்தான் இந்த மாற்றல் நடக்கிறது என்று. அப்படி இரண்டு மூன்று பேர் வந்து காரணமும் பிடிபடவில்லை என்றால் அந்தத் தீம் வேண்டாமென்று விட்டுவிட்டு மறுபடி கோட்களுக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டில் 3 தீம் தாராளம். ஒவ்வொன்றுக்கும் முதலில் உங்கள் வாதம், பிறகு ஒரு மேற்கோள், பிறகு அந்த மேற்கோளில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்ற விளக்கம். பலர் மேற்கோளை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள், அங்கேதான் பகுப்பாய்வு காணாமல் போகிறது. ‘67% பேர்’ என்று எழுதாதீர்கள், 12 பேரில் 8 பேரைச் சதவீதமாக்கினால் படிப்பவர் அதைச் சென்னை முழுவதற்கும் எடுத்துக்கொள்வார். மேற்கோளுக்குக் கீழே பெயர் வேண்டாம், ‘பேட்டி 7, வேளச்சேரி, கூட்டுக் குடும்பம்’ என்கிற அளவு போதும்.

மார்க்கெட்டிங் பரிந்துரையும் தீமிலிருந்தே வர வேண்டும். வாங்கிய கையோடு மாவு தூக்குக்குப் போய்விடுகிறது என்றால், ஃபிரிட்ஜில் பிராண்ட் பெயர் கண்ணில் படுவதே இல்லை, அதனால் பாக்கெட் தன் வேலையைக் கடை அலமாரியிலேயே முடித்தாக வேண்டும். உப்பில்லாத மாவு ஒன்றை விற்றுப் பார்க்கலாம் என்பது இன்னொன்று, ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய யோசனையாக மட்டும் எழுதுங்கள், எத்தனை பேர் வாங்குவார்கள் என்று சொல்ல இந்த 12 பேட்டி போதாது, அதற்குத் தனியாக ஒரு சர்வே வேண்டும்.