கோழிக்கு மூச்சு எங்கே போகிறது? ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

குடவாசலிலிருந்து ஓர் இல்லத்தரசி: கோழியைச் சுத்தம் செய்யும்போது நுரையீரல் மட்டும் கையோடு வருவதில்லை, முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆட்டுக்கு அப்படி இல்லையே, ஏன்?

நீங்கள் கவனித்த இடத்திலிருந்தே தொடங்கலாம். ஈரலும் இதயமும் ஒரே இழுப்பில் வந்துவிட, முதுகெலும்பின் இருபுறமும் விலா எலும்புகளுக்கிடையே ரோஸ் நிறத்தில் பதிந்திருக்கும் நுரையீரலை விரல் நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்துப் பார்த்தால் அதன் முதுகில் விலா எலும்புகளின் தடங்கள் வரப்பு வரப்பாக விழுந்திருக்கும். ஆட்டின் நுரையீரலும் நம்முடையதும் ஊதிச் சுருங்கும் பை போன்றவை. கோழியின் நுரையீரல் பெரும்பாலும் விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே அது இரத்தத்துக்குக் காற்றைக் கொடுக்கிறது. காற்றை இழுத்துத் தள்ளும் துருத்தி வேலையைச் செய்பவை கழுத்தடியிலிருந்து வயிறு வரை பரவியிருக்கும் காற்றுப்பைகள். பெரும்பாலான பறவைகளுக்கு அவை ஒன்பது. கோழியை அறுத்தவுடன் அவை கிழிந்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. மெதுவாகத் திறந்து பார்த்தால் குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே சோப்பு நுரையின் தோல் போல் பளபளக்கும் மெல்லிய சவ்வு தெரியும்.

மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியர்: பறவையின் நுரையீரலில் வால்வுகள் இருப்பதால்தான் காற்று ஒரே திசையில் செல்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். சரிதானே?

ஒரே திசை என்பது சரி. வால்வு என்பது சரியில்லை. காற்றின் பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது புரியாமல் மற்ற எதுவும் புரியாது.

பறவை மூச்சை இழுக்கும்போது நெஞ்செலும்பு கீழிறங்குகிறது, எல்லாப் பைகளும் ஒருசேர விரிகின்றன. புதுக்காற்றில் பெரும்பகுதி நுரையீரலைக் கடந்து நேராகப் பின்புறப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது பின்பைகள் சுருங்கி, அந்தக் காற்றை நுரையீரலின் நுண்ணிய குழாய்கள் வழியாகப் பின்னிருந்து முன்னாகத் தள்ளுகின்றன. அடுத்த இழுப்பில், ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த அதே காற்று முன்பைகளுக்குள் போகிறது. அதற்கடுத்த விடுப்பில்தான் வெளியேறுகிறது. ஆக, ஒரு வாய்க் காற்று உள்ளே வந்து வெளியே போக இரண்டு மூச்சு தேவைப்படுகிறது. இடைப்பட்ட நேரத்தில், பறவை இழுத்தாலும் விட்டாலும், நுரையீரலின் முக்கியப் பகுதியில் காற்று ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதை எப்படிக் கண்டார்கள் என்பது இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் ஷ்மிட்-நீல்சன் என்னும் உடலியலாளரும் அவருடைய குழுவினரும் நெருப்புக்கோழிக்கு ஒரே ஒரு மூச்சு மட்டும் தூய ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பையிலும் அது எப்போது தென்படுகிறது என்று அளந்தார்கள். பின்பைகளில் உடனே தென்பட்டது. முன்பைகளிலோ அடுத்த மூச்சில்தான் தென்பட்டது. கரியமில வாயுவையும் அளந்தார்கள்: பின்பைகளில் ஏறக்குறைய 4 சதவீதம், முன்பைகளில் 6 முதல் 7 சதவீதம். முன்பைக்கு வந்தது நுரையீரலைத் தாண்டி வந்த காற்று என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. புதுக்காற்று போகும் பின்பையில் 4 சதவீதம் எப்படி வந்தது என்று உங்கள் மாணவர் யாராவது கேட்டால் பாராட்டுங்கள். போன மூச்சில் மூச்சுக்குழாயில் தங்கிவிட்ட பழைய காற்றுதான் ஒவ்வோர் இழுப்பிலும் முதலில் உள்ளே போகிறது; பறவையின் மூச்சுக்குழாய் நீளமானது, அகலமானது.

இனி வால்வுக்கு வருகிறேன். மடையில் பலகை போட்டு அடைப்பதுபோல் எந்தத் தடுப்பும் அங்கே கிடையாது. வேகமாக ஓடும் வாய்க்கால் நீர், தன் போக்குக்கு எதிராகத் திரும்பிய கிளைக்குள் புகாமல் நேரே ஓடிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் வேகமும் குழாய்கள் பிரியும் கோணமும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. வாத்தினப் பறவைக்கு ஹீலியம் கலந்த இலேசான காற்றைக் கொடுத்த ஆய்வில் இந்த நேர் ஓட்டம் தளர்ந்தது. சதையாலான கதவு இருந்திருந்தால் காற்று இலேசாக இருந்தால் என்ன, கனமாக இருந்தால் என்ன? மூச்சை விடும்போது இது எப்படி நடக்கிறது என்பது மட்டும் இன்னும் அவ்வளவு தெளிவாகவில்லை.

திருத்துறைப்பூண்டி, கல்லூரி மாணவர்: ஒரே வழி என்றால் உள்ளே போன காற்று வேறு வழியாக வெளியே வருமா?

வராது. வாயும் மூக்கும்தான் வாசல். மூச்சுக்குழாயில் காற்று நம்மைப் போலவே போய் வருகிறது. ஒரு வழிப்பாதை நுரையீரலுக்குள் மட்டுமே.

கும்பகோணம், யோகாசனப் பயிற்சியாளர்: நான் முப்பது ஆண்டுகளாகப் பிராணாயாமம் செய்கிறேன். முழுமையாக மூச்சை வெளியேற்றினால் பறவையைப் போலவே நமக்கும் முழுக்கப் புதுக்காற்று கிடைக்கும் அல்லவா?

உங்கள் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் உடலமைப்பு அதற்கு இடம் தருவதில்லை. சாதாரணமாக நாம் ஓர் இழுப்பில் எடுப்பது சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும். மீதி 350 மில்லி போய்ச் சேருமிடத்தில் ஏற்கெனவே இரண்டரை லிட்டர் அளவுக்குப் பழைய காற்று இருக்கிறது. கடைசி நீரில் நின்ற குளத்தில் இரண்டு குடம் புதுநீரை ஊற்றியது போலத்தான். எவ்வளவு முயன்று வெளியேற்றினாலும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தங்கிவிடும். தங்காவிட்டால் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். நம்முடையது குளம் என்றால் பறவையினுடையது ஓடும் வாய்க்கால். அதனால்தான் பறவை வெளியே விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவின் அழுத்தம் நுரையீரலிலிருந்து திரும்பும் அதன் இரத்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகக்கூட இருக்க முடிகிறது. நமக்கு அது ஒருநாளும் வாய்க்காது.

நன்னிலம், மேய்ச்சல் வாத்து வைத்திருப்பவர்: ஐயா, இருபது நாள் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிச் சாகின்றன. சளிச் சத்தம் எதுவும் இல்லை. மழையில் நனைந்த வைக்கோலைத்தான் கிடையில் பரப்பினேன். அறுத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளாகப் புள்ளிகள். என்ன மருந்து கொடுக்கலாம்?

சத்தமில்லாமல் வாங்கும் மூச்சு, நனைந்த வைக்கோல், மஞ்சள் புள்ளி ஆகிய மூன்றையும் நீங்களே சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். இது ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சளி நோய்களில் மூச்சுக்குழாயில் கரகரப்பு கேட்கும். இதில் பெரும்பாலும் கேட்காது.

புள்ளிகள் எங்கே இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றுப் பக்கத்துப் பைகளில் நிறையவும் முன்புறத்தில் குறைவாகவும் இருந்திருந்தால், மேலே சொன்ன பாதை உங்கள் கிடையிலேயே தெரிகிறது என்று பொருள். வைக்கோலிலிருந்து கிளம்பிய பூஞ்சைத்தூள் நுரையீரலில் வடிகட்டப்படாமல், முதல் இழுப்பிலேயே பின்பைகளில் போய் அமர்ந்துவிடுகிறது. அந்தச் சவ்வுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதனால் உடலின் காவல் அணுக்களும் அங்கே போதிய அளவு போய்ச் சேருவதில்லை, நாம் கொடுக்கும் மருந்தும் சேருவதில்லை. கிடை முழுவதற்கும் கொடுத்துப் பலன் காணும் மருந்து என்று எதையும் நான் சொல்ல மாட்டேன். வைக்கோல் முழுவதையும் இன்றே அகற்றுங்கள். அள்ளும்போது தூசி பறக்காதபடி தண்ணீர் தெளியுங்கள், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கட்டி தட்டிய தவிட்டைக் கொட்டிவிடுங்கள். வேறு கிருமிகளாலும் காற்றுப்பை மங்கி, தயிர்க்கட்டி போல் படியக்கூடும் என்பதால் செத்த குஞ்சு இரண்டை அருகிலுள்ள நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: மூச்சு வாங்கும் குஞ்சை நெஞ்சைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு இறங்கி ஏறினால்தான் மூச்சு. மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் நெஞ்சை அழுத்தினால் அது மூச்சு முட்டிச் செத்துவிடும். பயிற்சிக் காலத்தில் காயம்பட்ட மைனா ஒன்றைத் தப்பிவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்து, கட்டுப் போடுவதற்குள் நானே கொன்றிருக்கிறேன்.

நாகப்பட்டினம்: காற்று ஒரே வழியில் போனால் வால் பக்கமாக வெளியேறுமா?

மூன்று கேள்விக்கு முன்னால் சொல்லிவிட்டேன். வெளியேறாது.

அரியலூர், பறவை ஆர்வலர்: கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டுகிறது. பறப்பதற்காகவே இந்த நுரையீரல் அமைந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தப் பறவை 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள்; மறுப்பில்லை. ஆனால் அது இப்போது எதற்குப் பயன்படுகிறது என்பது வேறு, எதற்காக முதலில் தோன்றியது என்பது வேறு. அமெரிக்க முதலையின் நுரையீரலிலும் காற்று ஒரே திசையில் ஓடுகிறது என்று 2010-இல் காட்டினார்கள். முதலை பறக்குமா?

மீண்டும் மன்னார்குடி ஆசிரியர்: அணைக்கரையில் கொள்ளிடத்து முதலைகளைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கக் கரையில் படுத்துக் கிடக்கும் பிராணிக்கு இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு எதற்கு?

மீண்டும் அரியலூர்: முதலைக்குக் காற்றுப்பைகள் இல்லையே! இரண்டையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்?

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். அரியலூர்க்காரர் சொல்வது சரி: முதலைக்குப் பைகள் இல்லை, பறவையின் துருத்தி அமைப்பு அதற்குக் கிடையாது. ஆனால் ஒரு திசை ஓட்டம் பைகள் இல்லாமலே நடக்கிறது. பின்னாளில் ஆப்பிரிக்க உடும்பு ஒன்றிலும் அதைக் கண்டார்கள். எனவே ஓட்டம் முந்தியது, பறத்தல் பிந்தியது என்றே எனக்குத் தோன்றுகிறது. உடும்பும் முதலையும் தனித்தனியே இதை அடைந்தனவா, பொது மூதாதையிடமிருந்து பெற்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆசிரியரின் ‘எதற்கு’ என்ற கேள்விக்கு, நீருக்கடியில் மூச்சடக்கிக் கிடக்கும்போது இதயத் துடிப்பே உள்ளிருக்கும் காற்றை நகர்த்தி உதவக்கூடும் என்று ஒரு கருத்து உண்டு; எனக்கு அது பிடித்திருக்கிறது, முடிந்த முடிபு என்று சொல்ல மாட்டேன். மறுபுறம், நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால் நம்மைப் போன்ற குளத்து நுரையீரலை வைத்துக்கொண்டே இரவெல்லாம் பறக்கிறது. பறக்க இது கட்டாயம் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பாபநாசம்: எனக்கு ஆஸ்துமா. பறவை வளர்க்கலாமா?

நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். நான் மாட்டு வைத்தியன்.

திருவையாறு, பள்ளி மாணவி: காற்றுப்பைகள் எலும்புக்குள்ளும் போகின்றன என்று அப்பா சொல்கிறார். வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், அப்பா சொன்னது சரி. கோழியின் தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள எலும்பை எடுத்து, தோளோடு சேரும் முனையின் உட்புறம் பார்; சின்னத் துளை ஒன்று தெரியும். நெஞ்சருகே உள்ள பை அதன் வழியாகத்தான் எலும்புக்குள் நுழைகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஒரு பறவையின் மூச்சுக்குழாயைக் கட்டிவிட்டு இந்த எலும்பை வெட்டிப் பார்த்தபோது, அது எலும்பின் வழியாகவே மூச்சு விட்டது. கொடுமைதான், நீ குழம்பில் கிடைக்கும் எலும்போடு நிறுத்திக்கொள்.

வலங்கைமான்: உள்ளே போன காற்று எந்த வழியாக வெளியே…

மேலே பாருங்கள்.

மீண்டும் திருவையாறு மாணவி: பார்த்துவிட்டேன் தாத்தா. துளையும் இல்லை, உள்ளே சிவப்பாக மஜ்ஜைதான் இருக்கிறது.

கடையில் வாங்கிய பிராய்லர் கோழியா? அது ஆறேழு வாரக் குஞ்சு, பை இன்னும் எலும்புக்குள் போய்ச் சேர்ந்திருக்காது. வீட்டில் முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியை அடிக்கும் அன்று மறுபடி பார்.