காலையில் ஒன்று, இரவில் ஒன்று: எது என் எடை?

காலையில் 72.1 கிலோ, இரவில் 73.5. எதை நம்புவது?

இரண்டும் உண்மைதான். அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அரை கிலோ கூடும், அவ்வளவுதான். ஒப்பிட வேண்டுமானால் காலை எடையை எடுங்கள். எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்பு, தினமும் அதேபோன்ற மெல்லிய உடையில் ஏறி நில்லுங்கள்.

நன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறிவிட்டது. எல்லாம் போச்சா?

போகவில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. உப்பும் சோறும் பிடித்துவைத்த நீர்தான் அது. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். மாதவிலக்கை ஒட்டியும் இப்படி ஏறும்.

இதற்காகத்தான் வார சராசரி. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒருவரின் எடை: 72.4, 72.1, 72.9, 73.3, 72.6, 72.2, 72.0. கூட்டினால் 507.5; ஏழால் வகுத்தால் 72.5. அடுத்த வாரம்: 72.3, 71.9, 71.8, 72.0, 73.1, 72.4, 71.9. கூட்டல் 505.4, சராசரி 72.2. வெள்ளிக்கிழமையை மட்டும் பார்த்தால் 72.6 என்பது 73.1 ஆகியிருக்கிறது, அரை கிலோ ஏற்றம்! சராசரியோ 300 கிராம் இறங்கியிருக்கிறது. விருந்து நாளை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பிடிக்காத எண்ணை ஒதுக்கினால் சராசரி பொய் சொல்லும். ஒரு நாள் மறந்துபோனால் பரவாயில்லை, இருக்கிற ஆறைக் கூட்டி ஆறால் வகுங்கள். மாதவிலக்கு உள்ளவர்கள் இந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

எந்த எடை மெஷின் வாங்கலாம்?

100 கிராம் வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் மெஷின் போதும். கொழுப்பு சதவீதம் காட்டுவதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்; உடலில் நீர் மாறினால் அந்த எண்ணும் மாறும். டைல்ஸ் போன்ற கெட்டியான சமதரையில் வையுங்கள், கால்மிதி மேல் வேண்டாம். சில மெஷின்கள் போன முறை காட்டிய எண்ணையே, வித்தியாசம் சிறிதென்றால், திரும்பக் காட்டும். மூன்று முறை ஏறி மூன்றிலும் ஒரே எண் என்று மகிழ வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து ஒருமுறை ஏறுங்கள். சுமார் அரை கிலோ கூட வேண்டும். கூடாவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. அவருக்கும் சராசரி பார்க்கலாமா?

கூடாது. அவருக்கு அந்தத் திடீர் ஏற்றம்தான் செய்தி. உடலில் நீர் தேங்குவதன் அடையாளம். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். அவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி.