தெலுங்குல விலை, டைம் எப்படி காதுல பிடிக்கிறது?

"அக்கா, வேலூர்ல இருந்து சித்தூருக்கு வேலைக்கு வந்திருக்கேன். தெலுங்கு ஓரளவு புரியுது, ஆனா விலை, டைம்னு நம்பர் வந்தாலே காதுல நிக்க மாட்டேங்குது. எதை முதல்ல பிடிக்கட்டும்?"

தம்பி, சித்தூர் கடைங்கள்ல பாதி பேர் தமிழ்லயே விலை சொல்லிடுவாங்க, அதனால கத்துக்காமயே காலம் ஓடிடும், அப்படி விட்டுடாதீங்க. ரெண்டு, ஆறு எல்லாம் நம்ம மாதிரியே இருக்கும், அதை நம்பி மத்ததும் அப்படித்தான்னு போனா எழுபதுல மாட்டுவீங்க. ஏழுக்கு ஏடு, ஆனா எழுபதுக்கு டெப்பை. ஐம்பது யாபை, எண்பது எனபை, தொண்ணூறு தொம்பை. எல்லாமே பைல முடியறதால முன்னாடி வர்ற சத்தத்தைத்தான் பிடிக்கணும். நூறு தனியா வந்தா "நூறு" இல்லன்னா "வந்த"ன்னுவாங்க, பின்னாடி ஏதாவது ஒட்டினா "நூட்ட"ன்னு மாறிடும், அதனால "நூட்ட டெப்பை"ன்னா 170.

பதினொண்ணுல இருந்து பத்தொன்பது வரைக்கும் மட்டும் மனப்பாடம்தான், வேற வழியில்ல. பதிஹேனு 15, பதிஹேடு 17, கடைசி எழுத்துதான் வித்தியாசம், பதினஞ்சுக்குள்ள ஐதுங்கற சத்தமே கேக்காது. சந்தேகமா இருந்தா நீங்களே திருப்பிச் சொல்லிக் கேளுங்க, "பதிஹேனா, பதிஹேடா?"ன்னு, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

எடை கேக்கும்போது பாவு கிலோன்னா கால் கிலோ, முப்பாவுன்னா முக்கால். முப்பைன்னா முப்பது. "முப்பாவு கிலோ முப்பை"ன்னு சொன்னா 750 கிராம் 30 ரூபா.

டைம்லதான் நிறைய பேர் பஸ்ஸை விடறாங்க. ஐதும்பாவு அஞ்சேகால், ஐதுன்னர அஞ்சரை, இது ரெண்டும் நம்ம கணக்கு மாதிரியே போகும். அஞ்சேமுக்காலுக்கு மட்டும் "பாவு தக்குவ ஆறு"ன்னுவாங்க, அதாவது ஆறுக்குக் கால் மணி குறைவு. இதுல பாவும் ஆறும் மட்டும் காதுல விழுந்து ஆறேகால்னு கணக்குப் போட்டு நின்னா பஸ் போய் அரை மணி நேரம் ஆயிருக்கும், அதனால "தக்குவ" இருக்கான்னு கவனிங்க, இருந்தா பின்னாடி வர்ற மணி இன்னும் அடிக்கலன்னு அர்த்தம். ஒரு மணிக்கு ஒகடி கண்டன்னு சொல்லாதீங்க, ஒண்டிகண்ட.

தேதி சுலபம், நம்பர் கடைசில ஓ சேர்த்தா போதும், ரெண்டோ தாரீகு, பதிஹேனோ தாரீகு.

ஆளுங்களை எண்ணும்போது நம்பரே வேற. ரெண்டு பேருக்கு இத்தரு, மூணு பேருக்கு முக்குரு, நாலு பேருக்கு நலுகுரு. கண்டக்டர் "எந்த மந்தி?"ன்னா எத்தனை பேர்னு கேக்கறார், நீங்களும் வீட்ல ரெண்டு பேரும்னா "முக்குரு"ன்னு சொல்லுங்க. டிக்கெட்டை எண்ணிச் சொல்றதா இருந்தா மட்டும் "மூடு டிக்கெட்லு."