வாடிக்கையாளருக்கு மாத மடல்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மடலில் ஆறு விஷயம் போகிறது. கட்டண உயர்வு, எக்செல் இறக்கும் புது வசதி, பயிற்சி வகுப்பு, இன்னும் மூன்று. யாரும் எதையும் கிளிக் செய்வதில்லை. எதை வெட்ட?

பதில்: முதலில் கட்டண உயர்வை வெளியே எடுங்கள். மடல் வேண்டாம் என்று விலகியவரும் உங்களுக்குப் பணம் கட்டுகிறவர்தான். இந்தத் தகவல் அவருக்கும் போயாக வேண்டும். அதைத் தனி மெயிலாக எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்புங்கள், அதில் விளம்பரம் ஒரு வரிகூட வேண்டாம்.

மீதியில், படித்தவுடன் வாசகர் செய்து பார்க்கக்கூடியது எக்செல் வசதி. தலைப்பு வரியில் “ஜூன் மாத செய்திமடல்” என்று போடாமல் “அறிக்கையை இனி எக்செல் கோப்பாக இறக்கலாம்” என்றே எழுதுங்கள். உள்ளே எந்த மெனுவில் இருக்கிறது, யாருக்குக் கிடைக்கும் என்று நாலைந்து வரி, அதன் கீழே ஒரு லிங்க். பயிற்சி வகுப்புக்கு அடியில் ஒற்றை வரி போதும். மற்ற மூன்றும் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். அப்போதும் சொல்லத் தோன்றவில்லை என்றால் அவை செய்தியே இல்லை.

கேள்வி: லிங்கை முழு முகவரியாகவே காட்டினால் நம்பிக்கை வரும் என்றார்கள். அப்படித்தான் செய்தோம். ஆனால் சிலருக்கு ‘சந்தேகத்துக்குரிய லிங்க்’ என்று எச்சரிக்கை வருகிறதே?

பதில்: பாதி சரி. கண்ணுக்குத் தெரிவது உங்கள் தள முகவரி. ஆனால் கிளிக்கை எண்ணுவதற்காக மடல் அனுப்பும் சேவை அதன் அடியில் வேறொரு டொமைனைச் செருகியிருக்கும். காட்டுவது ஒன்று, போவது வேறு: மோசடி மெயிலின் அடையாளமும் இதுவே. லிங்கில் முகவரிக்குப் பதில் “எக்செல் இறக்கும் முறை” என்று சொற்களாக எழுதுங்கள். கிளிக் எண்ணியே ஆக வேண்டுமென்றால், எண்ணும் வேலையை உங்கள் டொமைனின் துணை டொமைனுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான சேவைகளில் அதற்கு அமைப்பு உண்டு. முகவரி சுருக்கும் சேவைகள் வேண்டவே வேண்டாம். அங்கே ஸ்பேம் அனுப்புவோரின் கெட்ட பெயரில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும்.

கேள்வி: மெயில் போன இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த பலர் விலகிவிட்டதாகப் பதிவாகிறது. கேட்டால் “நாங்கள் தொடவே இல்லை” என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். பல அலுவலகங்களில் மெயில் உள்ளே வரும்போதே பாதுகாப்பு மென்பொருள் எல்லா லிங்கையும் திறந்து சோதிக்கும். உங்கள் விலகல் லிங்க் திறந்தவுடனே பெயரை நீக்கினால், நீக்கியது அந்த மென்பொருள்தான். சர்வர் பதிவில் பாருங்கள்: ஒரே வாசகர் பெயரில் மடலின் எல்லா லிங்கும் சில நொடிகளில் திறந்திருந்தால் அது மனிதர் இல்லை.

தீர்வு இரண்டு இடத்தில். மடலின் அடியில் உள்ள லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அங்கே “விலகு” என்று ஒரே பட்டன், அதை அழுத்தினால்தான் நீக்கம். லாகின், காரணம் கேட்கும் படிவம் எதுவும் கூடாது. இரண்டாவது, வாசகர் கண்ணுக்குத் தெரியாத மெயில் ஹெடரில் இந்த இரண்டு வரி:

```
List-Unsubscribe: <https://example.com/u/k7f3x9>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

ஜிமெயில் போன்றவை அனுப்புநர் பெயர் அருகே காட்டும் விலகல் பட்டன் இதை வைத்துத்தான் இயங்குகிறது. அதை அழுத்தினால் உங்கள் சர்வருக்கு POST கோரிக்கை வரும், உடனே நீக்கிவிடலாம். அதே முகவரியை யாரோ திறந்து பார்ப்பதால் வரும் வெறும் GET கோரிக்கைக்கு நீக்காதீர்கள். இந்த இரண்டு வரியும், மெயில் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று காட்டும் DKIM கையொப்பத்துக்குள் அடங்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: ஒரே கிளிக்கில் விலகும் அந்த ஏற்பாடு, ஜிமெயிலுக்கு நாளுக்கு 5000 மெயில் அனுப்புவோருக்கான விதிதானே? நாங்கள் 800 பேர்தான்.

பதில்: ஜிமெயிலின் 2024 விதியில் கட்டாயம் அவர்களுக்குத்தான். ஆனால் விலகும் வழி கண்ணில் படாதவர் ‘ஸ்பேம்’ பட்டனை அழுத்துவார். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது ஜிமெயில். உங்கள் 800 பேரும் ஜிமெயிலில் இருப்பதாக வைத்தால், மூன்று பேர் அழுத்தினாலே அதைத் தாண்டிவிடும்.

கேள்வி: நான் மடல் வாங்குகிற ஆள். விலகி ஒரு மாதம் ஆகியும் வருகிறது. எங்கே புகார் செய்ய?

பதில்: புகாருக்கு முன், வந்த மெயிலில் ‘பெறுநர்’ முகவரியைப் பாருங்கள். பழைய முகவரிக்கு வந்து இங்கே ஃபார்வர்டு ஆகிறது என்றால், அந்த மெயிலில் உள்ள லிங்கிலேயே விலக வேண்டும். அதே முகவரிதான் என்றால் தப்பு அனுப்புகிறவரிடம்; ஸ்பேம் பட்டனைத் தாராளமாக அழுத்துங்கள்.

கேள்வி: ஆறு மாதமாகத் திறக்காதவர்களை நாமே நீக்கிவிடலாமா?

பதில்: திறந்தாரா என்பதே இப்போது நம்பத்தக்க கணக்கு இல்லை. மடலில் உள்ள படம் இறங்கியதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021 முதல் ஆப்பிள் மெயில், வாசகர் பார்க்காமலே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படங்களை முடக்கிப் படிப்பவரோ திறக்காதவராகப் பதிவாகிறார். “தொடரட்டுமா?” என்று ஒரு மெயில் அனுப்பி, பதில் இல்லாவிட்டால் நிறுத்துவது என் வழி.

அவரே: பதில் சொல்லாவிட்டாலும் எங்களிடம் தொடர்ந்து வாங்குகிறவர் என்றால்?

பதில்: அவர்களை நான் விட்டுவைப்பேன். நீக்கத்தான் வேண்டும் என்போரும் இத்துறையில் உண்டு.