பதினான்கு வீடு பார்த்தும் முடிவெடுக்க முடியவில்லை

“இரண்டு மாதமாக வாடகை வீடு தேடுகிறேன். பதினான்கு பார்த்தாயிற்று. பிடித்த இரண்டும் நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டன.”

அடுத்த வீட்டுக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்றே நிபந்தனைகள் எழுதுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும்படி இருக்க வேண்டும்: வாடகை 14,000க்குள், அலுவலகத்துக்கு 40 நிமிடம், கோடையில் தண்ணீர் லாரி தேவைப்படாத போர்வெல். ‘நல்ல காற்றோட்டம்’ என்று எழுதினால் வாசலிலேயே பட்டிமன்றம் தொடங்கிவிடும். தண்ணீர் விஷயத்தை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், மாடி வீட்டில் கேளுங்கள்.

மூன்றும் பொருந்தும் முதல் வீட்டுக்கு, வாடகைக்கு விடுபவர்தான் உரிமையாளரா என்று மின் ரசீதைப் பார்த்துவிட்டு, அன்றே டோக்கன் கொடுத்து ரசீது வாங்குங்கள். சிறந்ததைத் தேடாமல் போதுமானதில் நிறுத்தும் இந்த முறைக்கு அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956இலேயே வடிவம் கொடுத்தார்.

கெடு, இரண்டு சனி ஞாயிறு. அதற்குள் எதுவும் பொருந்தாவிட்டால், பார்த்ததில் வாடகையும் தண்ணீரும் சரியாக உள்ள வீடு. இதையும் இப்போதே எழுதிவையுங்கள். கெடு முடியும்போது யோசித்தால் ‘இன்னும் ஒரு வாரம்’ என்றுதான் தோன்றும். நடுவில் நான்காவது நிபந்தனை முளைத்தால், பழைய சுழல் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

டோக்கன் கொடுத்த இரவு ‘அவசரப்பட்டோமோ’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். முடிவு தப்பு என்பதற்கு அது அடையாளம் இல்லை. அப்போது வீட்டு விளம்பரச் செயலியைத் திறந்தால் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு சந்தேகம் இன்னும் பெரிதாகும். டோக்கன் கொடுத்த கையோடு செயலியை நீக்கிவிடுங்கள்.