விட்டதைப் பிடிக்க லோன் எடுக்கலாமா?

கேள்வி: சார், மாதச் சம்பளம் 62,000. 4 லட்சம் போட்டு நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எக்ஸ்பைரி அன்று, 2 லாட் கால் வாங்கியதில் 50 பாயிண்ட் போச்சு. உடனே 6 லாட் புட் எடுத்தேன், அதிலும் 50 போச்சு. விட்டதைப் பிடிக்கணும் என்று 10 லாட் போட்டேன், அதுவும் 50. அன்றிலிருந்து தினமும் அதே கதை. மாதக் கடைசியில் கணக்கில் 2.10 லட்சம்தான் மிச்சம். 2 லட்சம் பர்சனல் லோன் எடுத்து மீட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். மாதாமாதம் இஎம்ஐ கட்ட வேண்டும் என்றால், மாதாமாதம் ஜெயித்தே தீர வேண்டிய நெருக்கடி வந்துவிடும். அந்த நெருக்கடிதான் உங்களை 10 லாட் எடுக்க வைத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாட் ஒன்றுக்கு 65 யூனிட். முதல் டிரேடில் 130 x 50, அதாவது 6,500 ரூபாய். இரண்டாவதில் 19,500. மூன்றாவதில் 32,500. மொத்தம் 58,500. மூன்று முறையும் சந்தை உங்களிடம் வாங்கியது அதே 50 பாயிண்ட்தான். உங்கள் கணிப்பு மூன்றாவது முறை அதிகம் தப்பவில்லை. லாட்தான் ஐந்து மடங்கானது. முதல் 6,500 டிரேடிங்கில் வரும் சாதாரண நஷ்டம். மீதி 52,000 கோபத்துக்குக் கொடுத்த விலை.

நஷ்டத்தில் இருக்கும்போது, 'சரிக்குச் சரி ஆகிவிட்டால் போதும்' என்ற ஆசையில், சாதாரண நாளில் தொடவே மாட்டாத ரிஸ்க்கை மனிதர்கள் எடுப்பார்கள். இது நடத்தைப் பொருளாதாரத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் கண்டிருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். அதனால் 'இனிமேல் கட்டுப்பாடாக இருப்பேன்' என்று உறுதி எடுத்துப் பயனில்லை. மனது கொதிக்கும் நேரத்தில் கையைக் கட்டிப்போடும் ஏற்பாடு வேண்டும்.

முதல் விதி லாட் பற்றியது. ஒரு டிரேடில் போகக்கூடியது மூலதனத்தில் 1 சதவீதம்தான். உங்களிடம் இப்போது 2.10 லட்சம், அப்படியானால் 2,100 ரூபாய். 30 பாயிண்ட் ஸ்டாப் லாஸ் என்றால் 65 x 30, 1,950. ஆக, ஒரே ஒரு லாட். ஸ்டாப் 50 பாயிண்ட் வேண்டும் என்று தோன்றினால் அந்த டிரேடே உங்களுக்கு இல்லை. லாட்டை நாள் நடுவில் ஏற்றக் கூடாது, லாபத்தில் இருந்தாலும்.

அப்புறம் நாளுக்கான எல்லை: இப்படி இரண்டு டிரேடு தோற்றால் அன்றைக்குக் கடை மூடியாச்சு. மாதத்துக்கு 6 சதவீதம், 12,600. அதைத் தொட்டால் அடுத்த மாதம் 1-ஆம் தேதிவரை திரையைத் திறக்க வேண்டாம். பல புரோக்கர்களின் ஆப்பில் கில் சுவிட்ச் இருக்கிறது, போட்டால் சில மணி நேரத்துக்கு அந்த செக்மென்ட் மூடிக்கொள்ளும். நல்ல வசதிதான், ஆனால் இன்னொரு புரோக்கரிடம் கணக்கு இருந்தால் அர்த்தமில்லை. இருந்தால் அதை மூடுங்கள்.

நான் அதிகம் நம்புவது பணத்தைத் தள்ளி வைப்பதைத்தான். டிரேடிங் கணக்கில் 25,000 மட்டும் விடுங்கள். மீதியை எடுத்து, புரோக்கரிடம் பதிவு செய்யாத வங்கிக் கணக்கில் போடுங்கள். பதிவு செய்த கணக்கிலிருந்து மட்டும்தான் புரோக்கர் பணம் ஏற்பார் என்பதால், யுபிஐ-யில் நேராக ஏற்ற முடியாது. இடையில் ஒரு படி கூடும், அந்தத் தாமதமே உதவும். ஆப்ஷன் வாங்க முழு பிரீமியமும் கையில் வேண்டும். 110 ரூபாய் பிரீமியத்தில் 10 லாட்டுக்கு 71,500. உங்களால் ஆர்டரே போட முடியாது. ஓட்டை ஒன்று உண்டு: எக்ஸ்பைரி மதியம் 5 ரூபாய் ஆப்ஷனை அள்ளலாம். அள்ளினாலும் அன்றைக்குப் போவது 25,000-ஐத் தாண்டாது.

ஸ்டாப் லாஸிலும் ஒரு எச்சரிக்கை. என்எஸ்இ ஆப்ஷன்களுக்கு மார்க்கெட் வகை ஸ்டாப் ஆர்டரை 2021-லேயே எடுத்துவிட்டது. இப்போது இருப்பது லிமிட் வகை. டிரிக்கர் 90, லிமிட் 89.50 என்று ஒட்டி வைத்தால் வேகமான சரிவில் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் சில ரூபாய் இடைவெளி விடுங்கள். 30 பாயிண்ட் நஷ்டம் சில நாள் 34 ஆகும், அதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பழைய 4 லட்சத்தை இலக்காக வைக்காதீர்கள். 2.10-லிருந்து அங்கே போக 90 சதவீத லாபம் வேண்டும். போன 1.90 லட்சத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே பயன் வரியில்தான். சம்பளத்தோடு அதைக் கழிக்க முடியாது. ஆனால் ஐடிஆர்-3 படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், பிறகு வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ள 8 ஆண்டுகள் எடுத்துச் செல்லலாம். புரோக்கர் தளத்திலிருந்து லாப நஷ்ட அறிக்கையை இறக்கி, ஒரு ஆடிட்டரிடம் கொடுங்கள்.