கணவரின் கோப்பில் இருப்பது யாருடைய கதை?

கேள்வி: என் கணவரை 1979-இல், எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, தென் கொரியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்தெடுத்து வந்தார்கள். தன்னை ஸ்வீடன்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார், கொரியா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இப்போது ஏழு வயது மகளைப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா பக்கம் யாரை எழுதுவது என்று கேட்கிறாள். மாமியார் வைத்திருக்கும் ஆங்கிலக் கோப்பில் "காவல் நிலைய வாசலில் கிடந்த குழந்தை, பெற்றோர் தெரியாது, பிறந்த எடை 2.9 கிலோ" என்று மட்டும் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் மகளின் எச்சிலை டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அனுப்பாதீர்கள் தோழி. மகளின் டிஎன்ஏவில் சரிபாதி அவருடையது. அந்தப் பரிசோதனையில் இரண்டு விஷயங்கள் வரும். ஒன்று, எந்த இனம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. அது நிறுவனத்திடம் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்வது, மகள் பாதி கொரியர் என்று காட்டும், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று அதிலிருந்து தெரிய வராது. இன்னொன்று, உறவினர் பட்டியல். அவருக்கு அம்மா வழியிலோ அப்பா வழியிலோ ஒரு ஒன்றுவிட்ட சகோதரி இருந்து, அவளும் வேறொரு நாட்டுக்குத் தத்துப் போய், அங்கே இதே பரிசோதனையைச் செய்திருந்தால், உங்கள் மகளோடு சுமார் பதினாறில் ஒரு பங்கு ஒத்துப்போகும் ஒரு பெயர் உங்கள் திரையில் வந்து நிற்கும். தன் ரத்த உறவு ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்பது அவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதை எத்தனை நாள் மறைப்பீர்கள்? எட்டு மாதத்தில் அவரைப் பற்றிய எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். இதை மட்டுமாவது அவரிடம் விட்டுவிடுங்கள்.

அவர் எழுந்து போவதை மறுப்பு என்றோ அம்மாவின் மேல் கோபம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தலைமுறையில் தத்தெடுத்த பெற்றோர் பலரும் "உனக்கும் எங்களுக்கும் வித்தியாசமே இல்லை" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் வெளியே விளையாட்டு மைதானத்தில் "நீ நிஜமாகவே எந்த ஊர்?" என்று ஒருவன் கேட்கும்போது அந்தக் கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, வீட்டில்தான் வித்தியாசமே இல்லையே. அதனால் பிள்ளை தனியாக ஒரு பதிலைத் தயார் செய்துகொள்கிறது: நான் ஸ்வீடன்காரன், அவ்வளவுதான். அது பொய்யும் இல்லை, அவருடைய மொழி, படிப்பு, நினைவுகள் எல்லாம் அங்கேதான். கொரியாவுக்குப் போனாலோ எல்லோரும் அவரிடம் கொரிய மொழியில் பேசுவார்கள், அவரால் பதில் சொல்ல முடியாது. இங்கே முகத்தை வைத்து வெளியாள், அங்கே வாயைத் திறந்தால் வெளியாள். இப்படி வளர்ந்த பலர், முதல் குழந்தை பிறந்த பிறகுதான் கதவை லேசாகத் திறக்கிறார்கள், ஏனென்றால் தன் சாயலில் ஒரு முகத்தை அவர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்ப்பது அப்போதுதான். உங்கள் கணவர் கண்ணால் கண்ட ஒரே ரத்த உறவு உங்கள் மகளாகத்தான் இருக்கும். குடும்ப மரம் என்றதும் அவர் தடுமாறுவது அதனாலும் இருக்கலாம்.

சரி, அந்தக் கோப்புக்கு வருகிறேன், எனக்கு உறுத்துவது அதுதான். காவல் நிலைய வாசலில் கிடந்த, பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தையின் பிறந்த எடை மட்டும் எப்படித் தெரிந்தது? யாரோ உத்தேசமாக எழுதியிருக்கலாம். அல்லது பிரசவத்தின்போது பக்கத்தில் இருந்த ஒருவரோ ஆஸ்பத்திரியோ சொல்லியிருக்கலாம், அப்படியென்றால் அம்மா யார் என்பதும் அன்றைக்குத் தெரிந்திருக்கும். அனுமானம்தான், ஆனால் காரணமில்லாத அனுமானம் இல்லை. அப்போது தென் கொரியாவில் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய குழந்தையை அனாதை என்று காட்டினால் காகித வேலை சுலபமாக முடியும். அதனால் பெற்றோர் தெரிந்த குழந்தைகளுக்கும்கூட, குழந்தை தானே குடும்பத் தலைவர், பெற்றோர் விவரம் இல்லை என்று தனியாக ஒரு அனாதைப் பதிவேட்டைத் தத்துக்கு அனுப்பும் முகமைகள் உண்டாக்கின. அனுப்ப ஏற்பாடான குழந்தை இறந்துபோனாலோ, சொந்தக்காரர்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டாலோ, அதே காகிதத்தில் வேறு குழந்தையை அனுப்பியதும் நடந்திருக்கிறது. 11 நாடுகளுக்கு அனுப்பப்பட்ட 367 பேர் கொடுத்த மனுக்களை விசாரித்த அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், முதல்கட்டமாக 56 பேரின் உரிமைகள் மீறப்பட்டதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. ஸ்வீடன் அரசு நியமித்த ஆணையமும் அதே ஆண்டு ஜூனில், வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவிடலாம் என்று பரிந்துரைத்தது.

ஆகவே மாமியாரிடம் இருக்கும் ஆங்கிலத் தாளைக் கணவரின் வரலாறு என்று படிக்காதீர்கள், தத்தெடுப்பவர்களுக்காகத் தயாரித்த சுருக்கம் அது. குழந்தையை வாங்கிக்கொண்ட அன்று கொரிய மொழியில் எழுதிய சேர்க்கைக் குறிப்பு தனியாக ஒன்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம், ஒன்றில் "பெற்றோர் தெரியாது" என்று இருக்கும், மற்றதில் அம்மாவின் வயதும் அவள் செய்த வேலையும் இருக்கும். முகமைகளிடம் இருந்த கோப்புகள் 2025 ஜூலையிலிருந்து அரசின் குழந்தை உரிமைகள் தேசிய மையத்தின் பொறுப்பில் இருக்கின்றன, அங்கே அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், உங்களால் முடியாது. கேட்கும்போது மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்று சொல்லிவிடாமல், கொரிய மூலத்தின் எல்லாப் பக்கங்களின் நகலையும் கேட்கச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்ட தேதி, கண்டெடுத்த தேதிக்கு முந்தியதாக இருக்கிறதா, பிறந்த நேரம் மணிக்கணக்காக எழுதியிருக்கிறதா, புகைப்படத்துக் குழந்தைக்கு அந்த வயது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. பெற்றோரின் பெயர் கோப்பிலேயே இருந்தாலும், அவர்கள் சம்மதித்தால்தான் அடையாளத்தைச் சொல்வார்கள், கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பொதுவாக விஷயம் அங்கேயே நின்றுவிடும். அந்த அம்மா வேறொரு குடும்பத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம், இப்படி ஒரு பிள்ளை இருந்ததே அங்கே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். பெற்றோர் விவரமே இல்லாதவர்கள் 2020-லிருந்து பல நாடுகளில் உள்ள கொரியத் தூதரகங்களிலேயே டிஎன்ஏ மாதிரி கொடுக்கலாம், ஆனால் கொரியாவில் இருக்கும் குடும்பமும் தன் மாதிரியைக் கொடுத்திருந்தால்தான் பொருந்தும். பல வருடம் காத்திருந்து ஒன்றும் வராதவர்கள் நிறைய. இதையும் தெரிந்துகொண்டுதான் அவர் முடிவெடுக்க வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். "2.9 கிலோ என்று எழுதியிருக்கிறதே, அது எப்படித் தெரிந்திருக்கும்னு எனக்கு ஒரு யோசனை, கேட்கணும்னு தோணினா சொல்லுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். மாமியாருக்கும் நீங்களே விளக்கப் போகாதீர்கள், அது மகன் பேச வேண்டிய பேச்சு.

அப்புறம் மகளின் மரம். அப்பாவின் கிளையில் ஸ்வீடன் பாட்டி தாத்தா பெயர்களை எழுதட்டும், அவர்கள்தான் அவளுடைய பாட்டி தாத்தா. அதே கிளைக்குக் கீழே வேராக இரண்டு கட்டங்கள் வரைந்து, "அப்பாவைப் பெற்ற அம்மா, கொரியா", "அப்பாவைப் பெற்ற அப்பா, கொரியா" என்று எழுதி, பெயர் எழுத இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். அழகுக்காக ஒரு கொரியப் பெயரைத் தேடிப்பிடித்து நிரப்ப வேண்டாம். வரைவதற்கு முன்னால் "இப்படி வரையட்டுமாப்பா?" என்று அவளையே அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேர் இல்லாமலே மரம் போகட்டும், ஆசிரியரிடம் நீங்கள் பேசிக்கொள்ளலாம்.